புதிய மேலாளரின் முதல் பேச்சு: மாற்றத்துக்கு அஞ்சும் தையல் பிரிவின் முன் என்ன சொல்வது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் நான்கு பின்னலாடைத் தொழிற்சாலைகளில் உற்பத்தி மேலாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். நான்கு முறையும் தையல் பிரிவின் முன் நின்று முதல் பேச்சைப் பேச வேண்டியிருந்தது. முதல் முறை பேசியது பெரும் தவறாக முடிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் இளையவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே சூழலை எடுத்துக்கொண்டேன்: பண்டல் முறையில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துவரும் ஒரு பிரிவு லைன் முறைக்கு மாறப்போகிறது, அதை நடத்த ஒரு புதிய மேலாளர் வருகிறார்.

திங்கட்கிழமை பொறுப்பேற்கிறேன். தையல் பிரிவில் 42 பேர். லைன் முறை வரப்போகிறது என்ற பேச்சு எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் வாக்கியமாக எதைச் சொல்வது?

கூலியைச் சொல்லுங்கள். வணக்கம், பெயர், அடுத்த வாக்கியம் கூலி.

பண்டல் முறையில் ஒரு டெய்லர் தன் பண்டலை எடுத்து, தன் வேலையை மட்டும் தைத்து, எத்தனை பீஸ் என்று எண்ணி எழுதிக்கொள்கிறார். வேகமாகத் தைத்தால் அந்த வேகம் அவருடைய கூலி. லைன் முறையில் பீஸ் ஒன்றன்பின் ஒன்றாகக் கை மாறிப் போகும். நடுவில் ஒருவர் நிதானமாகத் தைத்தால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். பல இடங்களில் லைன் முழுவதற்கும் ஒரே கணக்காகக் கூலி போடுகிறார்கள். பத்து வருடம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து வேகம் பழகிய ஒருவருக்கு ‘லைன்’ என்ற சொல் காதில் விழும்போதே, தன் கைவேகம் பிறருடைய நிதானத்தில் கரைந்துவிடும் என்று தோன்றுகிறது. அது வீண் பயம் இல்லை, சரியான கணக்கு. அந்தக் கேள்வி மனத்தில் நிற்கும்வரை நீங்கள் பேசும் வேறெதுவும் அவர் காதுக்குள் போகாது.

ஆகவே, “இந்த மாதம் முடியும்வரை இப்போதிருக்கும் ரேட்டில் ஒரு பைசாவும் மாறாது” என்பதுபோல, தேதியோடு ஒரு வாக்கியம் வேண்டும். அதைச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பொறுப்பேற்பதற்கு முன்பே முதலாளியிடம் உட்கார்ந்து, எந்தத் தேதிவரை ரேட் மாறாது, யாரையாவது நிறுத்தும் எண்ணம் இருக்கிறதா என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர அவர் தயங்கினால் அந்த வாக்கியத்தைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். சொல்லிவிட்டு மாறுவதைவிடச் சொல்லாமல் இருப்பதே மேல்.

கூலிக் கணக்கு மாறத்தான் போகிறது என்று எனக்கே தெரியும். அப்படியிருக்க எதை நம்பி உறுதி தருவது?

“உங்கள் கூலிக்கு எந்தப் பாதிப்பும் வராது” என்று சொல்லாதீர்கள். அதை யாராலும் காப்பாற்ற முடியாது. சொல்லக்கூடியது இரண்டு: மாறாத நாட்களின் எண்ணிக்கை, மாறும்போது எந்த வழியில் மாறும் என்பது.

இதற்குச் சட்டமே ஒரு அடித்தளம் தந்திருக்கிறது. கூலி, கூலி தரும் முறை, வேலை நேரம் ஆகியவற்றை மாற்றவோ ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய முறைமாற்றத்தைச் செய்யவோ விரும்பும் நிர்வாகம் தொழிலாளருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். அறிவிப்புத் தந்து 21 நாள் ஆவதற்குள் மாற்றக் கூடாது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இது 9ஏ பிரிவாக இருந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். பல மேலாளர்கள் இதை மறைத்து வைக்க வேண்டிய சங்கதியாக நினைக்கிறார்கள். நான் அதைப் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். “ரேட்டை மாற்ற நினைத்தால் 21 நாள் முன்பே தாளில் எழுதி ஒட்டுவோம்” என்று மேலாளர் வாயிலிருந்தே கேட்கும்போது, நாளைக்கு வந்து பார்த்தால் எல்லாம் மாறியிருக்கும் என்ற அச்சம் விலகுகிறது.

ஆர்டர் குறைகிறது, போட்டி கூடுகிறது, மாறாவிட்டால் பிழைக்க முடியாது. இதை முதலில் விளக்கினால்தானே மாற்றம் ஏன் என்று அவர்களுக்குப் புரியும்?

இதற்கு ஒரு பைஜாமா தொழிற்சாலையின் கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற நிறுவனம் பைஜாமா தைத்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கூலி பீஸ் கணக்கில். மணிக்கு 60 அலகு என்பது எதிர்பார்க்கப்பட்ட அளவு. வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் விலகினார்கள், மனக்கசப்பு கூடியது. புது முறை பழகும்வரை வருமானம் குறையாதபடி நிர்வாகம் தனி ஊக்கத்தொகையும் தந்தது. அப்படியும் நிலைமை மாறவில்லை. லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1948-இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் மாற்றத்தைச் சில குழுக்களுக்கு வெவ்வேறு விதமாக அறிவித்தார்கள். முதல் குழு, கையால் இஸ்திரி போட்டு அடுக்கும் 18 பேர். அதுவரை அட்டையின் மேல் அரை டஜனாக அடுக்கிவந்தவர்கள் இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அவ்வளவுதான் மாற்றம். வேலையையும் ரேட்டையும் நிர்வாகமே முடிவு செய்துவிட்டு, அவர்களைக் கூட்டி, போட்டி காரணமாக மாற்றம் தேவை என்று சொன்னது. நேரம் அளப்பவர் புது ரேட்டை விளக்கினார். கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். கூட்டம் முடிந்தது. நீங்கள் பேச நினைக்கும் பேச்சு ஏறக்குறைய இதுதான். அந்தக் குழுவின் உற்பத்தி மணிக்கு 50 அலகை ஒட்டியே நின்றுவிட்டது. முதல் 40 நாளில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டுப் போனார்கள்.

இன்னொரு குழு, பைஜாமா மடிக்கும் 13 பேர். இவர்களுக்கும் காரணம்தான் முதலில் சொல்லப்பட்டது, ஆனால் வேறு விதமாக. தொழிற்சாலையில் தைத்த ஒரே மாதிரியான இரண்டு உடைகளைக் காட்டினார்கள். ஒன்று 1946-இல் தைத்தது. 1947-இல் தைத்த மற்றொன்றைப்போல இரண்டு மடங்கு விலைக்குப் போனது. எது மலிவானது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாராலும் முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்கள். பிறகு நிர்வாகம் ரேட்டை நீட்டவில்லை. ரேட்டை எப்படி முடிவு செய்யலாம் என்ற திட்டத்தை முன்வைத்தது. தேவையற்ற அசைவுகளைக் களைவது, குழுவிலிருந்தே சிலரைப் பயிற்றுவது, அவர்களை வைத்து நேரம் அளந்து ரேட் வைப்பது, பிறகு எல்லோருக்கும் விளக்குவது. குழு ஒப்புக்கொண்டது. 14 நாளில் மணிக்கு 61 அலகை எட்டினார்கள். பயிற்சி பெற்ற அந்தச் சிலர் ‘எங்கள் வேலை’, ‘எங்கள் ரேட்’ என்று பேசினார்கள் என்று ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். எல்லோருமே கலந்துகொண்டு வடிவமைத்த வேறு இரண்டு சிறு குழுக்கள் இன்னும் விரைவாக மீண்டு, பழைய அளவைத் தாண்டின.

காரணம் சொல்வதில் தவறில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் காரணத்தை மட்டும் சொல்வதுதான் தவறு. முதல் குழுவுக்கும் இரண்டாவது குழுவுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஏறக்குறைய ஒன்றே. கேட்பவர் செய்வதற்கு ஏதாவது மிச்சம் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு. ஆகவே உங்கள் பேச்சை எழுதும்முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: முடிவாகிவிட்டவை, முடிவாகாதவை. இரண்டாவது பத்தி வெறுமையாக இருந்தால் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பயனில்லை. முதலாளியிடம் திரும்பிப் போய் அந்தப் பத்தியில் எதையாவது வாங்கி வாருங்கள்.

அமெரிக்காவில், அதுவும் முக்கால் நூற்றாண்டுக்கு முன் நடந்ததை இங்கே எவ்வளவு நம்பலாம்?

வழிகாட்டியாக நம்பலாம், சூத்திரமாக நம்பக் கூடாது. குழுக்கள் மிகச் சிறியவை. எல்லோரும் கலந்துகொண்ட இரண்டு குழுக்களில் எட்டுப் பேரும் ஏழு பேரும்தான். வேலைகளும் ஒன்றல்ல. இதே முறையை நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் செய்துபார்த்து 1960-இல் வெளியிட்டார்கள். அங்கே உற்பத்தியில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இதையெல்லாம் சங்கத்தின் வழியாகப் பேசுவதே முறை என்று அங்கிருந்த தொழிலாளர்கள் கருதியது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. உங்கள் தொழிற்சாலையில் சங்கம் இருந்தால் முதல் பேச்சுக்கு முந்தைய நாளே அதன் பொறுப்பாளரைப் பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் எல்லோரோடும் நின்று புதிதாகக் கேட்க வேண்டிய நிலையில் அவரை வைக்காதீர்கள்.

ஆனாலும் அந்த 18 பேரில் மிஞ்சியவர்களுக்குப் பின்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. அதற்காகவே இந்த ஆய்வை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது கடைசிக் கேள்விக்கு உரியது.

எனக்கு 12 வருட அனுபவம் இருக்கிறது. அதைச் சொன்னால் நம்பிக்கை வராதா?

வராது. உங்கள் அனுபவம் அவர்களுக்கு முன்பே தெரியும். எந்தத் தொழிற்சாலையில் இருந்தீர்கள், அங்கே யாரை நிறுத்தினீர்கள் என்பதுவரை டீக்கடையில் பேசி முடித்திருப்பார்கள். பெயரும் பொறுப்பும் போதும். நீங்களே டெய்லராக உட்கார்ந்து தைத்தவர் என்றால் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்.

நீங்கள் பேசியதை அப்படியே எழுதிக் காட்ட முடியுமா?

மூன்றாவது இடத்தில் 42 பேர் முன் நான் பேசியது ஏறக்குறைய இதுதான். பேச்சுத் தமிழில் பேசியதை எழுத்தில் தருகிறேன். நீங்கள் உங்கள் வாய்மொழியில் பேசுங்கள். இதில் கைமடி என்று வருவது டெய்லருக்குப் பக்கத்தில் நிற்கும் உதவியாளர்.

“அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். இன்று முதல் நான் இந்தப் பிரிவின் உற்பத்தி மேலாளர். முதலில் கூலி. இந்த மாதம் 30-ஆம் தேதிவரை இப்போதிருக்கும் பீஸ் ரேட்டில் ஒரு பைசாவும் மாறாது. சனிக்கிழமை கூலி தருவதும் மாறாது. முதலாளியிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். அந்தத் தாள் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

லைன் முறை வருகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். முதலில் ஒரே ஒரு லைன், 14 பேர். எந்த 14 பேர், கூலியை எப்படிக் கணக்கிடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை உங்களில் சிலரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்வேன். அந்தச் சிலர் யார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். ரேட் மாறுவதாக இருந்தால் 21 நாள் முன்பே எழுதி ஒட்டுவோம்.

கைமடிகளை நிறுத்தப் போவதாகப் பேச்சு இருக்கிறது. லைனுக்குக் கைமடி குறைவாகவே தேவைப்படும், அதை மறைக்க மாட்டேன். அவர்களுக்குச் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் வேலை தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே கூலி எவ்வளவு என்பது எனக்கு இன்னும் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை இதே இடத்தில் சொல்கிறேன்.

இந்த வாரம் உங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன். நேற்று எவ்வளவு நேரம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள், எதனால்? அவ்வளவுதான். பெயர் எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியலை இங்கேயே வாசிப்பேன். இப்போது நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு. நன்றி.”

இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இதில் நான் அதிகம் யோசித்தது கைமடி பற்றிய பகுதி. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுத்து மடித்து அடுக்கும் கைமடி பல நேரம் அவருடைய மனைவியாக, தங்கையாக, ஊர்க்காரராக இருப்பார். அவரை நிறுத்தினால் ஒரு குடும்பத்தின் இரண்டாவது கூலி நின்றுவிடும். ஆகவே டெய்லர் வாய் திறந்து கேட்காத முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதைத் தொடாமல் விட்டால், தொடாததற்கே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். முழுப் பதில் என்னிடம் இல்லை. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இது, எந்த நாளில் சொல்வேன் என்று பிரித்துச் சொன்னேன். ‘விரைவில்’ என்று சொல்லியிருந்தால் அதற்கு யாரும் மதிப்புத் தந்திருக்க மாட்டார்கள்.

வேலையில்லாமல் உட்கார்ந்த நேரத்தைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. பீஸ் ரேட்டில் சும்மா உட்காரும் நேரம் டெய்லருக்கு நேரடி நஷ்டம். பண்டல் வரவில்லை, நூல் மாறவில்லை, மெக்கானிக் வேறு மெஷினில் இருக்கிறார் என்று மதியம் வரை பொருமிக்கொண்டிருப்பார். மேலாளருக்கும் அது நஷ்டம். இருவருக்கும் ஒரே பக்கம் நிற்கும் கேள்வி தையல் பிரிவில் இது ஒன்றுதான். “எப்படி இன்னும் வேகமாகத் தைக்கலாம்?” என்று கேட்டிருந்தால் அது அவர்கள் பைக்குள் கை விடுவதாக ஆகியிருக்கும்.

அந்த வாரம் கிடைத்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைக் காட்டின. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கட்டிங்கிலிருந்து முதல் பண்டல் வர அரை மணி நேரம் ஆகிறது. கட்டிங் பிரிவுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி தள்ளி இருந்ததுதான் காரணம். வெள்ளிக்கிழமை பட்டியலை வாசித்தேன். சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு பண்டல் கூடுதலாக எடுத்து வைக்கும்படி கட்டிங் மாஸ்டரிடம் பேசியிருந்ததையும் சொன்னேன். லைனைப் பற்றி யாரும் என்னிடம் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நேரம் அளக்க ஸ்டாப்வாட்சோடு ஆட்கள் வரப்போகிறார்கள். முதல் பேச்சிலேயே சொல்லலாமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

முதல் வாரத்திலேயே வரப்போகிறார்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாமல் ஒருநாள் காலை யாரோ ஒருவர் டெய்லரின் முதுகுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்றால் உங்கள் முதல் பேச்சு முழுவதும் பொய்யாகிவிடும்.

இந்த அச்சத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில், வார்ப்பு வேலை செய்தவர்கள் தங்கள் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்ததற்காகவே வெளிநடப்புச் செய்தார்கள். அந்த விவகாரம் நாடாளுமன்ற விசாரணைவரை போனது. சில வருடங்களில் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் அப்படி அளப்பதற்கு நிதி செலவிடக் கூடாது என்று தடையே வந்தது.

பயம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒருவர் மணிக்கு 60 பீஸ் தைக்கிறார். அளக்கும்போது முழு வேகத்தில் 80 தைத்துக் காட்டுகிறார். ‘80 எளிதாக முடிகிறதே’ என்று ரேட்டைக் குறைத்துவிடுகிறார்கள். இப்போது பழைய கூலியை எட்டவே அவர் 80 தைக்க வேண்டும். ஒரு முறை இப்படி நடந்துவிட்டால், அடுத்த அளவின்போது அந்தப் பிரிவு முழுவதும் மெதுவாகத்தான் தைக்கும். அளந்த எண்ணும் பொய், அதை நம்பிப் போட்ட திட்டமும் பொய். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அளக்கும் மணி நேரத்தில் ஒருவர் தைத்த பீஸையும் சனிக்கிழமைக் கணக்கில் அவர் பெயரில் இருக்கும் சராசரியையும் ஒப்பிடுங்கள். அளக்கும்போது மட்டும் கணிசமாகக் குறைந்தால் அவர் உங்களுக்கு அஞ்சுகிறார் என்று பொருள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: யார் அளப்பார், எந்த நாளில், யார் ஒப்புதலோடு, துணியோ மாடலோ தைக்கும் முறையோ மாறாதவரை ஒருமுறை வைத்த ரேட்டை வேகம் கூடியது என்பதற்காகக் குறைக்க மாட்டோம். ரேட்டைக் குறைக்க மாட்டோம் என்ற இந்த உறுதிக்கும் முதலாளியின் கையெழுத்து வேண்டும். கிடைக்கவில்லை என்றால் லைன் முறையைத் தொடங்கும் நாளைத் தள்ளிப்போடச் சொல்லிப் போராடுங்கள்.

எந்த நேரத்தில், எங்கே பேசுவது?

ஷிப்ட் தொடங்கும்போது, மெஷின்களுக்கு நடுவில். மாலையில் வைக்காதீர்கள், ஒன்றரை ஷிப்ட் முடித்துப் பஸ்ஸைப் பிடிக்க நிற்பவர் எதையும் கேட்க மாட்டார். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம்.

பேசும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எட்டு மணி நேரத்தில் 700 ரூபாய் ஈட்டும் ஒரு டெய்லருக்குப் பத்து நிமிடம் என்பது ஏறக்குறைய 15 ரூபாய். 42 பேருக்கும் சேர்த்து 600 ரூபாய்க்குச் சற்று மேல். நிர்வாகத்துக்கு இது ஒரு தொகையே இல்லை. ஆனால் கூலி மாறாது என்று சொல்ல வந்த மேலாளர் அந்தப் பேச்சாலேயே அவர்கள் கூலியில் 15 ரூபாயைக் குறைத்தால், அவர்கள் நினைவில் நிற்பது அந்த 15 ரூபாய்தான்.

லைனில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். தமிழில் பேசினால் போதுமா?

போதாது. இரண்டு முறை பேசுங்கள், ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. மொழிபெயர்ப்பவர் ஆட்களைக் கொண்டுவந்த ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கக் கூடாது. ஒப்பந்தக்காரருக்கு அதில் சொந்த லாபம் உண்டு. நீங்கள் சொன்ன தேதியும் ரேட்டும் அவர் வாயில் வேறாகிவிடக் கூடும். அவர்களிலேயே தமிழ் பழகிய ஒரு செக்கரையோ டெய்லரையோ முந்தைய நாள் அழைத்துப் பேச்சைச் சொல்லிக்காட்டுங்கள். தேதியையும் எண்களையும் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பேசி முடித்து ‘ஏதாவது கேள்வி உண்டா?’ என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். 42 பேர் நடுவில் முதல் கேள்வியைக் கேட்பவரை எல்லோரும் பார்ப்பார்கள், மேலாளரும் பார்ப்பார். அந்த ஆபத்தை யாரும் முதல் நாளில் எடுக்க மாட்டார்கள். அதனால்தான் நான் கூட்டத்தில் கேள்வி கேட்கச் சொல்வதில்லை. மெஷின் மெஷினாகப் போய் நானே ஒரு சிறு கேள்வி கேட்கிறேன்.

ஏற்றுக்கொண்டார்களா என்பது இரண்டு மூன்று நாளில் வேறு வழிகளில் தெரியும். அறிவிப்புப் பலகையின் முன் நின்று அந்தத் தாளைப் படிக்கிறார்கள் என்றால் நல்லது. சோதிக்கிறார்கள் என்று பொருள், சோதிப்பவர் நம்பத் தயாராக இருப்பவர். நல்ல கைகாரர்கள் இருவர் மூவர் ஒரே வாரத்தில் ‘ஊருக்குப் போகிறேன்’ என்று விடுப்புக் கேட்டால் பக்கத்துத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடந்து வரும்போது பேச்சு நின்று, தாண்டியதும் தொடங்கினால் சொன்னது இன்னும் சேரவில்லை.

முன்பிருந்த மேலாளரைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா? அவர் மீது பலருக்கும் கோபம் இருக்கிறது.

எதுவும் சொல்லாதீர்கள். அவர் கொடுத்துவிட்டுப் போன வாக்கு ஏதாவது பாக்கி இருந்தால் அதை மட்டும் விசாரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தவறாகப் பேசிவிட்டேன். இனி என்ன செய்வது?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் பொறுப்பில், எனக்கு 29 வயது. ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று தொடங்கி, லைன் முறையால் ஏற்றுமதி எப்படிப் பெருகும் என்று இருபது நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை நான்கு மெஷின்கள் காலியாக இருந்தன. நான்கும் பிளாட்லாக்கில் மிக நல்ல கைகள். நான் பேசியது ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கோபம்தான் வந்தது.

பல மாதங்கள் கழித்து அவர்களில் ஒருவரைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். என்னைவிட மூத்தவர். “அண்ணா, ஏன் போனீர்கள்?” என்று கேட்டேன். “நீங்கள் குடும்பம் என்றீர்கள் சார். ஆனால் என் வீட்டுக்காரிதான் எனக்குக் கைமடி. அவளைப் பற்றி இருபது நிமிடத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. சரி, நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்” என்றார். அவர் மனைவியை நிறுத்தும் திட்டமே எங்களிடம் இருக்கவில்லை. அவரைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். ஹார்வுட்டின் முதல் குழுவில் மிஞ்சியவர்கள் 13 பேர். மணிக்கு 50 அலகில் தேங்கிப்போன அதே ஆட்கள். இரண்டரை மாதம் கழித்து அவர்களை மறுபடி ஒன்றாகச் சேர்த்து இன்னொரு புதிய வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை வேலையையும் ரேட்டையும் அவர்களோடு உட்கார்ந்து வடிவமைத்தார்கள். விரைவாக மீண்டு பழைய அளவைத் தாண்டினார்கள்; யாரும் விலகவில்லை. முதல் முறை தேங்கியது அவர்களுடைய குணத்தால் அல்ல, அறிவிக்கப்பட்ட விதத்தால் என்பது இதில்தான் தெளிவாகிறது.

ஆகவே மறுபடி கூட்டுங்கள். மன்னிப்பு உரை வேண்டாம். “போன முறை நான் கூலியைப் பற்றியும் கைமடிகளைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்” என்று தொடங்கி, தேதியோடு சொல்லுங்கள். முடிவாகாதவை எவை என்று சொல்லி, அவற்றை யாரோடு உட்கார்ந்து முடிவு செய்வது என்று அவர்களையே பெயர் சொல்லச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் தொலைபேசி எண் டைம் ஆபீஸில் இருக்கும். அவர்களையும் அழைத்து, அதையே சொல்லுங்கள். நான்காவது இடத்தில் நான் அழைத்த மூவரில் ஒருவர் திரும்பி வந்தார், தன் கைமடியோடு.